டிக்கெட் எடுத்தாச்சா பாஸ்?



இன்டர்ன்ஷிப்ல சேர்ந்த முதல் வாரம். கழுத்துல புது ஐ.டி. கார்டு, கையில கம்பெனி லேப்டாப், மனசுல 'இன்னிக்கே நாலாயிரம் லைன் கோட் எழுதிடணும்'கிற வேகம். அப்ப டீம் லீடர் வந்து, "உங்க பேர்ல ஒரு டிக்கெட் போட்டிருக்கேன், பாருங்க"ன்னு கூலா சொல்லிட்டுப் போவார். சினிமாவுக்கா, பஸ்ஸுக்கான்னு யோசிக்காதீங்க. ஸ்க்ரீனைத் திறந்தா FEE-412னு ஒரு நம்பர் இருக்கும். பக்கத்துல Openனு எழுதியிருக்கும். அதுக்குக் கீழே யார் யாரோ எழுதின கமென்ட்ஸ் வரிசையா ஓடும்.

இந்த வாரம் அந்த டிக்கெட்டோட ஜாதகத்தைத்தான் பார்க்கப் போறோம். அது எப்படிப் பிறக்குது, யார் யார் கைக்குப் போகுது, யார் கையில முடியுதுன்னு.

ஜி.ஹெச்.சில் ஓ.பி. சீட்டு வாங்கியிருக்கீங்களா? முதல்ல கவுன்ட்டர்ல நம்பர் போட்டுத் தருவாங்க. டாக்டர் அதுல ஏதோ கிறுக்குவார். லேப்ல ரிசல்ட்டை எழுதுவாங்க. மருந்து கொடுக்கிற இடத்துல டிக் அடிப்பாங்க. ஒவ்வொரு கவுன்ட்டரா நகர்ற அந்தச் சீட்டைப் பார்த்தாலே, நோயாளி இப்ப எந்த இடத்துல இருக்கார், அடுத்து அவரைக் கவனிக்க வேண்டியது யார்னு தெரிஞ்சிடும். டிக்கெட்டும் அதேதான். Open, In Progress, Resolved, Reopened, Closed என்று அதன் நிலை மாறிக்கிட்டே இருக்கும். இதை வெறும் லேபிள்னு நினைக்காதீங்க. 'இப்ப யார் வேலை பாக்கி?' என்ற கேள்விக்கான பதில் அது.

சும்மா சொன்னா மண்டையில ஏறாது. ஒரு கதை மாதிரி போவோம். ஒரு கற்பனைக் கல்லூரி. அதற்கு ஆன்லைனில் தேர்வுக் கட்டணம் கட்டும் சாஃப்ட்வேர். அதைச் செய்து கொடுத்த கம்பெனியில் நீங்க இன்டர்ன். ஓகேவா? ஸ்டார்ட் மியூசிக்!

ஜனனம்: 'வேலை செய்யல' என்றால் போதாது

2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. எல்லா டிபார்ட்மென்டுக்கும் அன்றுதான் அபராதம் இல்லாமல் கட்டணம் கட்டக் கடைசி நாள். காலை ஒன்பது மணிக்கு காலேஜ் ஆபீசிலிருந்து போன். "ஃபீஸ் சைட் சரியா வேலை செய்யல சார், பசங்க வந்து நிக்கிறாங்க."

இதை அப்படியே டிக்கெட்டின் தலைப்பில் போட்டால் என்ன ஆகும்? டெவலப்பர் சைட்டைத் திறந்து பார்ப்பார். நன்றாகவே திறக்கும். 'எனக்கு வேலை செய்யுதே' என்று எழுதி மூடிவிடுவார். இந்தப் பதில் எவ்வளவு பிரபலம்னா, பக்ஸில்லா என்ற பழைய டிக்கெட் சாஃப்ட்வேரில் டிக்கெட்டை முடித்து வைக்க WORKSFORME என்று தனியாக ஒரு காரணமே வைத்திருந்தாங்க!

அதனால போனை எடுத்த சப்போர்ட் ஆள் மூணு விஷயம் கேட்கிறார். என்ன செஞ்சீங்க? என்ன நடக்கும்னு எதிர்பார்த்தீங்க? என்ன நடந்தது? பதில்களை வைத்து அவர் எழுதும் டிக்கெட் இப்படி இருக்கு:

தலைப்பு: ஈ.சி.இ. மாணவர்களுக்கு கடைசி நாளிலேயே 200 ரூபாய் அபராதம் சேர்கிறது.

செய்தது: ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர் கணக்கில் நுழைந்து, அக்டோபர் 10 காலை 8.40-க்கு 'கட்டணம் செலுத்து' பட்டனை அழுத்தினார்.

எதிர்பார்த்தது: கடைசி நாள் 10 என்பதால் அபராதம் இல்லை.

நடந்தது: 200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. கடைசி நாள் 09-10-2025 என்று காட்டுகிறது.

கூடுதல் தகவல்: சி.எஸ்.இ. மாணவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. அவர்களுக்கு 10 என்றே காட்டுகிறது.

அந்தக் கடைசி வரியைப் பாருங்க. பாதி வைத்தியம் அதிலேயே இருக்கு. ஒரே சாஃப்ட்வேர், ஒரே நாள், ஒரே கல்லூரி. ஒரு டிபார்ட்மென்டுக்கு சரி, இன்னொன்றுக்குத் தப்பு. அப்போ தேடவேண்டிய இடம் அபராதக் கணக்கு இல்லை. ஈ.சி.இ.யின் தேதி எந்த வழியாக உள்ளே வந்தது என்பதுதான். 'எங்கே வேலை செய்யவில்லை' என்பதோடு 'எங்கே ஒழுங்காக வேலை செய்கிறது' என்பதையும் எழுதுங்க. டெவலப்பருக்கு அரை நாள் மிச்சம்.

பெயர் சூட்டு விழா: தீவிரமா, அவசரமா?

பிறந்த டிக்கெட் நேராக டெவலப்பரிடம் ஓடாது. நடுவில் ஒருத்தர் பார்ப்பார். அவர் வைக்கும் இரண்டு முத்திரைகள்தான் புது இன்டர்ன்களை ரொம்பக் குழப்பும். ஒன்று சிவியாரிட்டி, இன்னொன்று பிரையாரிட்டி.

சிவியாரிட்டி என்பது சாஃப்ட்வேருக்கு எவ்வளவு அடி என்பது. பிரையாரிட்டி என்பது எவ்வளவு சீக்கிரம் கை வைக்கணும் என்பது. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கணும்னு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் எடுக்கும் ஒரு ரிப்போர்ட், பட்டனை அழுத்தியதும் மொத்தமாகப் படுத்துவிடுகிறது என்று வைங்க. அடி பெரிசு. ஆனா அடுத்த ரிப்போர்ட் ஏப்ரலில்தான் என்றால் அவசரம் இல்லை. நம்ம FEE-412 நேர் எதிர். சைட் படுக்கவில்லை, டேட்டா அழியவில்லை, ஒரு தேதி ஒரு நாள் தள்ளியிருக்கு, அவ்வளவுதான். ஆனால் கடைசி நாள் இன்றைக்கு. ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒரு பையனுடைய மெஸ் காசிலிருந்து 200 ரூபாய் போய்க்கிட்டு இருக்கு. அதனால சிவியாரிட்டி நடுத்தரம், பிரையாரிட்டி உச்சம்.

எல்லாத்துக்கும் 'ரொம்ப அவசரம்' போட்டால் என்ன? கல்யாண வீட்டில் எல்லாருமே முதல் பந்தியில் உட்காரணும்னு நின்ற மாதிரிதான். யாருக்கும் இலை கிடைக்காது.

இந்தக் கட்டத்தில் இன்னொரு வேலையும் நடக்குது. காரணம் தெரிகிற வரைக்கும் மாணவர்கள் காத்திருக்க முடியாதே? சப்போர்ட் ஆள் ஒன்றைக் கவனிக்கிறார். சி.எஸ்.இ. தேதி எக்செல் ஃபைல் வழியாக ஏற்றப்பட்டது, அது சரியாக இருக்கு. அதனால் ஈ.சி.இ.க்கும் 10-ஆம் தேதி போட்ட எக்செல் ஃபைலை ஏற்றிப் பார்க்கிறார். காலை 11 மணிக்கு அபராதம் நின்றுவிடுகிறது. இதுக்குப் பேர் தற்காலிக மாற்று வழி. டிக்கெட்டில், எத்தனை மணிக்கு எதைச் செய்தேன் என்று அவர் எழுதி வைக்கிறார். அந்த 'எத்தனை மணிக்கு' பின்னாடி ரொம்ப முக்கியமாகப் போகுது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா டிக்கெட் மூடப்படவில்லை. காய்ச்சல் மாத்திரையால் சூடு இறங்கியிருக்கு, அவ்வளவுதான். காய்ச்சல் ஏன் வந்ததுன்னு இன்னும் தெரியலையே!

டெவலப்பர் கையில்: காணாமல் போன ஐந்தரை மணி நேரம்

இப்ப டிக்கெட் In Progress. அசைனி என்ற இடத்தில் டெவலப்பர் பேர். இந்த நிலைக்கு அர்த்தம் 'நான் இதைப் பார்த்துக்கிட்டிருக்கேன், வேற யாரும் தொடவேண்டாம்' என்பது. நீங்க வேலையைத் தொடங்காமலே ஐந்து டிக்கெட்டை இந்த நிலையில் நிறுத்தி வைத்தால், அந்த ஐந்தையும் வேறு யாரும் எடுக்கமாட்டாங்க. துண்டு போட்டு சீட் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போன கதை.

டெவலப்பர் முதலில் தன் மெஷினிலேயே பிரச்னையை வரவழைக்கப் பார்க்கிறார். பிரச்னையை நம்ம கையால் ஒரு தடவை வரவழைக்காமல் சரி செய்தால், சரியானதா என்று எப்படித் தெரியும்? சி.எஸ்.இ.யின் தேதியை எக்செல் வழியாக ஏற்றுகிறார். சரியாக வருது. ஈ.சி.இ.யின் மாற்ற வரலாற்றைப் பார்க்கிறார். அவர்களுக்கு எக்செல்லில் முதலில் 7 என்று இருந்திருக்கு. பிறகு ஆபீசில் ஒருவர் ஸ்க்ரீனைத் திறந்து, காலண்டரில் 10-ஐ க்ளிக் செய்து சேமித்திருக்கார். டெவலப்பரும் அதே ஸ்க்ரீனில் 10-ஐ க்ளிக் செய்கிறார். சேமிக்கிறார். திரும்பத் திறக்கிறார். 9! சிக்கிடுச்சு.

காரணம் இதுதான். உங்க பிரவுசரின் கன்சோலில் நீங்களே தட்டிப் பார்க்கலாம்:

```
new Date(2025, 9, 10).toISOString()
// "2025-10-09T18:30:00.000Z"
```

ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களை பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால் 9 என்றால் அக்டோபர். நீங்க 10-ஆம் தேதி என்று சொன்னதும், அது 'அக்டோபர் 10, இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி' என்று எடுத்துக்கொள்கிறது. அதையே toISOString() உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கு. நம்ம நள்ளிரவு 12 மணிக்கு அங்கே முந்தின நாள் மாலை 6.30 தான். இந்த எழுத்துகளிலிருந்து முதல் பத்தை மட்டும் வெட்டி, இதுதான் தேதி என்று சர்வர் சேமித்துக்கொள்கிறது. 10 ஆனது 9.

'இவ்வளவு சிம்பிளான தப்பை டெஸ்ட்டில் பிடிக்கலையா?' நல்ல கேள்வி. தானாக ஓடும் டெஸ்ட்கள் ஓடின மெஷினில் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கு. அங்கே நள்ளிரவு என்றால் நள்ளிரவுதான், கழிக்க எதுவும் இல்லை. அதனால் டெஸ்ட் எல்லாம் பச்சை. சென்னையிலோ மதுரையிலோ பிரவுசரைத் திறந்தால்தான் சிவப்பு. ஊர் நேரத்தை மாற்றி ஓட்டினால் உடனே தெரிந்துவிடும்:

```
TZ=Asia/Kolkata npm test
```

சரி செய்வது சுலபம். கடைசி நாள் என்பது ஒரு தேதி. அதுக்கு மணி, நிமிஷம் எதுவும் தேவையில்லை. அதனால் காலண்டரில் தேர்ந்தெடுத்த ஆண்டு, மாதம், நாளை 2025-10-10 என்று வெறும் எழுத்தாகவே அனுப்பிவிட்டால், யாருடைய கடிகாரமும் அதில் கை வைக்க முடியாது.

டெவலப்பர் கோடை மாற்றி, இந்திய நேரத்தில் ஓடும் ஒரு டெஸ்டையும் சேர்க்கிறார். சேமிக்கும்போது எழுதும் குறிப்பில் FEE-412 என்று நம்பரைப் போடுகிறார். மூணு வருஷம் கழித்து யாரோ ஒருத்தர் 'இந்த வரி எதுக்கு இருக்கு?'ன்னு கோடைப் பார்த்துக் குழம்பினால், அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு இந்த டிக்கெட்டுக்கே வந்து சேரலாம். இன்னொரு டெவலப்பர் கோடைப் படித்து ஓகே சொல்றார். டெஸ்ட் சர்வருக்கு மாற்றம் போகுது.

Resolved: நான் முடிச்சிட்டேன், நீங்க பாருங்க

டெவலப்பர் இப்ப டிக்கெட்டை Resolved என்று மாற்றுகிறார். புது இன்டர்ன்கள் பலரும் இங்கேயே கைதட்டிட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுவாங்க. நில்லுங்க! Resolved வேற, Closed வேற.

Resolved என்பது சரி செய்தவரின் வாக்குமூலம். Closed என்பது பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து வரும் ஒப்புதல். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தது முதலாவது. நோயாளி 'இப்ப தேவலை'ன்னு சொன்னது இரண்டாவது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால், தன் பேப்பரைத் தானே திருத்தி மார்க் போட்ட மாதிரி. அதனாலதான் பல டீம்களில் டெவலப்பரால் Resolved வரைக்கும்தான் தள்ள முடியும். மூடுகிற அதிகாரம் டெஸ்டரிடமோ, புகாரைப் பதிவு செய்தவரிடமோ இருக்கும்.

Resolved போடும்போது டெவலப்பர் எழுதின கமென்ட்: "ஸ்க்ரீன் வழியாக மாற்றினால் தேதி ஒரு நாள் பின்னால் போனது. சரி செய்தாச்சு. 10-ஆம் தேதி காலை 11 மணிக்கு முன்னால் கட்டிய ஈ.சி.இ. மாணவர்களுக்கு அபராதத்தைத் திருப்பித் தரவேண்டும். லிஸ்ட் இணைப்பில்." பார்த்தீங்களா? சப்போர்ட் ஆள் எழுதிய அந்த 11 மணி இல்லாவிட்டால், யாருக்கெல்லாம் பணம் திருப்பித் தரணும் என்ற கோட்டை எங்கே போடுவது?

Reopened: ட்விஸ்ட் இருக்கு மக்கா!

டெஸ்டர் எடுக்கிறார். டிக்கெட்டில் எழுதிய அதே படிகளைச் செய்து பார்க்கிறார். ஸ்க்ரீனில் 10 போட்டால் 10 வருது. சூப்பர். அடுத்து, இந்த டிக்கெட்டோடு இணைத்த மற்ற டிக்கெட்களைத் திறக்கிறார்.

அங்கே FEE-415 என்று ஒன்று இருக்கு. அதே வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. ஒரு மெக்கானிக்கல் மாணவரின் புகார். 'இதுவும் அதே அபராதப் பிரச்னைதானே' என்று சப்போர்ட்டில் இன்னொருவர், மெக்கானிக்கலுக்கும் எக்செல்லை ஏற்றிவிட்டு, இரட்டைப் பதிவு என்று முத்திரை குத்தி மூடியிருக்கார். டெஸ்டர் அந்தப் புகாரின் வரிகளைப் படிக்கிறார்: "நான் நேற்று மாலை கட்டினேன். 200 ரூபாய் அபராதம் எடுத்துவிட்டார்கள்."

நேற்று என்றால் 9-ஆம் தேதி! இங்கேதான் இடிக்குது. டெவலப்பர் சொன்ன கணக்குப்படி தேதி ஒரு நாள்தான் பின்னால் போகும். 10 என்பது 9 ஆகியிருந்தால், 9-ஆம் தேதி கட்டியவருக்கு அபராதமே வரக்கூடாது. வந்திருக்கு என்றால், மெக்கானிக்கலுக்குக் கடைசி நாள் 8 என்று சேமிக்கப்பட்டிருக்கணும். எப்படி இரண்டு நாள் போச்சு?

டெஸ்டர் பழைய கோடை வைத்து ஸ்க்ரீனில் 10 போட்டுச் சேமிக்கிறார். 9 ஆகுது. மறுபடி அதே ஸ்க்ரீனைத் திறந்து, தேதியைத் தொடாமல், லேப் கட்டணத்தை மட்டும் மாற்றிச் சேமிக்கிறார். 8! காலண்டர் அந்த 9-ஐயும் இந்திய நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, இன்னொரு ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நாள் தேய்கிறது, மாதச் சம்பளம் மாதிரி. மெக்கானிக்கலின் மாற்ற வரலாற்றைப் பார்த்தால், அங்கேயும் இரண்டு தடவை சேமித்திருக்காங்க.

இப்ப டிக்கெட் Reopened. டெவலப்பர் எழுதின கோட் தப்பா? இல்லை. தேதியை எழுத்தாகவே அனுப்பும் அந்த மாற்றம், எத்தனை தடவை சேமித்தாலும் தாங்கும். தப்பு லிஸ்டில். அதில் மெக்கானிக்கல் மாணவர்கள் யாருமே இல்லை. ஈ.சி.இ. லிஸ்டின் கடைசியில் மெக்கானிக்கலையும் ஒட்டியிருந்தால்கூட, 9-ஆம் தேதி கட்டியவர்கள் விட்டுப்போயிருப்பாங்க. அவங்களில் எத்தனை பேர் போன் பண்ணிக் கேட்பாங்க? பாதி பேர் 'காலேஜ்னா ஃபைன் போடத்தான் செய்வாங்க'ன்னு விட்டிருப்பாங்க.

Reopened என்றதும் முகம் சுருங்கக் கூடாது. அது டெவலப்பருக்குக் கொடுத்த சிவப்புப் பேனா மார்க் இல்லை. 'நமக்குத் தெரிந்த காரணம், நடந்த எல்லாத்தையும் விளக்கவில்லை' என்று அர்த்தம். அதே மாதிரி, இரட்டைப் பதிவு என்று ஒரு டிக்கெட்டை மூடுவதற்கு முன்னால் அதை முழுசாகப் படிங்க. நோய் ஒன்றாக இருக்கலாம். ஆனா இரண்டாவது நோயாளியிடம் முதல் ஆளிடம் இல்லாத ஒரு அறிகுறி இருக்கலாம்.

ஒரு சந்தேகம் வரும். 'லிஸ்டுக்காக அதே டிக்கெட்டைத் திறக்கணுமா, புதுசா ஒன்று போடக்கூடாதா?' போடலாம். நிறைய இடங்களில் கோட் வேலைக்கு ஒன்று, பணம் திருப்பும் வேலைக்கு ஒன்று என்று கீழே துணை டிக்கெட்டாகப் பிரிப்பாங்க, ஏன்னா செய்யப்போகும் ஆட்கள் வேற வேற. ஆனா தாய் டிக்கெட், எல்லாப் பிள்ளைகளும் கரையேறும் வரைக்கும் மூடப்படக் கூடாது.

கடிகாரத்தை நிறுத்தும் கில்லாடிகள்

இரண்டாவது லிஸ்ட் தயாராகுது. இந்த முறை டெவலப்பர் டிபார்ட்மென்ட் பேரை வைத்துத் தேடவில்லை. ஸ்க்ரீன் வழியாகக் கடைசி நாள் சேமிக்கப்பட்ட எல்லா டிபார்ட்மென்டையும் வரலாற்றிலிருந்து எடுக்கிறார். காலேஜ் சர்க்குலரில் இருக்கும் உண்மையான தேதியோடு ஒப்பிட்டு, அந்தத் தேதிக்குள் கட்டியும் அபராதம் போனவர்களைப் பிரிக்கிறார். 'எல்லாத் தேதியிலும் ஒரு நாள் கூட்டிடலாம்' என்ற குறுக்கு வழி ஏன் ஆகாதுன்னு இப்ப உங்களுக்கே புரியும். சி.எஸ்.இ.க்கு அது 11 ஆகியிருக்கும்.

லிஸ்ட் காலேஜ் ஆபீசுக்குப் போகுது, அவங்க சரிபார்க்கணும். டிக்கெட்டின் நிலை இப்ப Waiting for customer. சப்போர்ட் டிக்கெட்களுக்கு, இத்தனை மணி நேரத்துக்குள் பதில், இத்தனை நாளுக்குள் தீர்வு என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கும். அதுக்கு ஒரு கடிகாரம் ஓடும். பதில் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய நேரத்தில் அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். நியாயம்தானே?

ஆனா இதில்தான் ஒரு கில்லாடித்தனம். நேரம் முடியப்போகும்போது, தேவையே இல்லாமல் 'ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க' என்று ஒரு கேள்வியைத் தட்டிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்துவாங்க. கண்டுபிடிப்பது ரொம்ப ஈஸி. ஏற்கனவே டிக்கெட்டில் பதில் இருக்கும் கேள்வியையே மறுபடி கேட்டிருப்பாங்க. கணக்கில் பார்த்தால் டிக்கெட் நேரத்துக்குள் முடிந்திருக்கும். காத்திருந்த ஆளுக்கு மட்டும் மூணு நாள் போயிருக்கும். வாடிக்கையாளர் எதையாவது செய்தால்தான் நம்ம வேலை நகரும் என்ற நிலையில் மட்டும் இதைப் போடுங்க. இங்கே லிஸ்டை ஒப்புக்கொள்ள வேண்டியது காலேஜ். அதனால் சரிதான்.

Closed: மூடுவிழா

காலேஜ் ஓகே சொன்னது. மாற்றம் உண்மையான சர்வருக்குப் போனது. டெஸ்டர் அங்கேயும் ஒரு தடவை, இந்திய நேரத்தில் இருக்கும் பிரவுசரில், இரண்டு முறை சேமித்துப் பார்த்தார். டெஸ்ட் சர்வரில் சரியாக இருந்தது என்பது உண்மையான சர்வருக்கு சாட்சி ஆகாது. நம்ம கேஸே அதுக்கு உதாரணம், ஒரு கடிகாரம் மாறினதால வந்த வினைதானே இது! அபராதப் பணம் மாணவர்கள் கணக்குக்குத் திரும்பியது. சப்போர்ட் ஆள் ஆபீசுக்குப் போன் பண்ணி, முதலில் புகார் சொன்ன அதே நபரிடம் கேட்டார். FEE-415 கொடுத்த மெக்கானிக்கல் மாணவருக்கும் தகவல் போனது. அப்புறம்தான் Closed.

மூடும்போது எழுதின கடைசிக் கமென்ட் நாலே வரி. என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன மாற்றினோம், யாருக்கெல்லாம் எப்படி ஈடு செய்தோம். 'Done' என்று ஒரே வார்த்தையில் மூடிய டிக்கெட்டும் மூடிய டிக்கெட்தான். ஆனா அடுத்த வருஷம் ஹாஸ்டல் கட்டண ஸ்க்ரீனில் இதே மாதிரி ஒரு நாள் தேய்ந்தால், தேடுகிறவருக்கு அந்த ஒரு வார்த்தையில் என்ன கிடைக்கும்? அந்த நாலு வரியில் 'காலண்டர்', 'ஒரு நாள்', 'ஐந்தரை மணி' என்ற வார்த்தைகள் இருந்தால், அவருக்கு அஞ்சு நிமிஷ வேலை.

கொசுறு

பக்ஸில்லாவை மோஸில்லா திட்டத்துக்காக 1998-ல் எழுதியவர் டெர்ரி வைஸ்மன். ஆரம்பத்தில் பக்ஸில்லாவைப் பயன்படுத்திய அட்லாஸியன் கம்பெனி 2002-ல் சொந்தமாக ஒரு டிக்கெட் சாஃப்ட்வேர் கொண்டு வந்தது. காட்ஸில்லாவுக்கு ஜப்பானில் பேர் 'கோஜிரா'. அதிலிருந்து முதல் எழுத்தைக் கழற்றிவிட்டு வைத்த பேர்தான் ஜிரா!

நீங்க சேர்ந்த இடத்தில் எந்த சாஃப்ட்வேர் இருந்தாலும் சரி, ஒரு வேலை பண்ணுங்க. மூடிய டிக்கெட்களில், நடுவில் ஒரு தடவையாவது Reopened ஆனவற்றை மட்டும் வடிகட்டி, ஒரு பத்தை மேலிருந்து கீழே வரை படிங்க. அந்த டீமில் எது அடிக்கடி உடையுது, யார் எதைக் கவனிக்காமல் விடறாங்க, யார் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்கன்னு எந்த ட்ரெயினிங்கிலும் சொல்லித்தராத விஷயமெல்லாம் அதில் இருக்கும்.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். வர்ட்டா!